கடல் கோட்டையைக் காத்தது மதிலா, வள்ளமா?

வகுப்பில் கோட்டைப் படம் ஒன்றைக் காட்டினால் பிள்ளைகள் முதலில் கேட்பது பீரங்கியைப் பற்றித்தான். எத்தனை பீரங்கி, குண்டு எவ்வளவு தூரம் போகும், யார் வென்றது என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை ஜஞ்சிராக் கோட்டையின் படத்தைக் காட்டினோம். சுற்றிலும் கடல், நடுவில் கறுப்பு மதில். பின்வாங்கில் இருந்த கடற்தொழிலாளி ஒருவரின் மகன் எழும்பி, "சேர், இவங்க தண்ணிக்கு எங்க போனாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்குள் கடல் கோட்டைகளின் முழுக் கதையும் இருக்கிறது. அதைப் பாடவேளைக்குள் சொல்லி முடிக்க இயலாது என்பதால்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

இந்தியாவின் மேற்குக் கரையில், பம்பாய்க்குத் தெற்கே நீளும் கரையைக் கொங்கணம் என்பார்கள். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலுக்குள் சிறுசிறு பாறைத் தீவுகள் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றின் மேல் கோட்டைகள் நிற்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது முருட் ஊருக்கு அருகே இருக்கும் ஜஞ்சிரா. பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நமக்குப் பழக்கமான சொல் காதில் விழும். தீவு என்று பொருள்படும் 'ஜஸீரா' என்ற அரபுச் சொல்தான் அங்கே ஜஞ்சிரா ஆனது. அதை ஆண்டவர்கள் சித்திகள். பிலால் (ரலி) அவர்களின் வழியில் நாம் 'ஹபஷி' என்று அறிந்திருக்கும் அபிசீனிய மக்களின் வழித்தோன்றல்கள். மராத்தியரும் ஆங்கிலேயரும் முகலாயரும் மாறிமாறி மோதிய அந்தக் கரையில், சித்திகள் கடைசிவரை அந்தக் கோட்டையை விடவில்லை.

முதலில் இந்தக் கோட்டைகளைக் கட்டிய விதத்தைப் பார்ப்போம்.

நம்முடைய கடலில் வற்றும் பெருக்கும் மிகச் சிறியவை. நீர்மட்டம் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை. ஆனால் பம்பாய்க் கரையில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், நாலு மீற்றருக்கு மேல் கடல் ஏறி இறங்கும். ஒரு மாடி வீட்டின் உயரம் என்று வையுங்கள். காலையில் கால் நனையாமல் நின்ற பாறையில், நண்பகலில் ஆள் மூழ்கும் தண்ணீர் நிற்கும். பிறை பார்த்துப் பழகிய நமக்கு இதன் கணக்கு எளிதில் விளங்கும். தலைப்பிறையையும் நிறைபிறையையும் ஒட்டிய நாட்களில் பெருக்கும் பெரிது, வற்றும் பெரிது. அந்தக் கரையில் அந்த நாட்களில் கடல் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் நிறையும். காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் நன்றாக வற்றும். பிறை ஏழு எட்டை ஒட்டிய நாட்களில் வற்று சிறிது, அடிப்பாறை வெளியே தெரியாது.

இதன் பொருள் என்ன? மதிலின் மேற்பகுதியை எந்த நாளும் கட்டலாம். அத்திவாரத்தை அப்படிக் கட்ட முடியாது. மாதத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் சில நாட்கள், ஒவ்வொரு நாளும் சில மணித்தியாலங்கள்தான் கிடைக்கும். அதற்குள் பாறையில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, கல் உட்காரப் படி வெட்டி, கல்லை இறக்கிப் பொருத்தி முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் அடுத்த பெருக்கு அதைப் புரட்டிப் போட்டுவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது வள்ளமே இறக்க முடியாது. மால்வண் ஊருக்கு முன்னால் உள்ள சிந்துதுர்க்கக் கோட்டையை சிவாஜி 1664இல் தொடங்கினார், 1667இல்தான் முடிந்தது. அதன் அத்திவாரக் கற்களை ஈயம் உருக்கி ஊற்றிப் பிடித்ததாக அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

கல்லைப் பிடித்து நிறுத்துவதற்கு அந்தக் கரையில் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதலாவது வழி, சாந்தே இல்லாமல் கட்டுவது. அலிபாக் ஊருக்கு முன்னால் உள்ள கொலாபாக் கோட்டையில் இதைப் பார்க்கலாம். வற்றில் நடந்தே போகக்கூடிய பாறைத்தீவு அது. அங்கே பெரிய பெரிய கற்களைச் சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சாந்து வாங்கக் காசில்லாமல் செய்த வேலை இல்லை இது. அலை மதிலில் அடிக்கும்போது தண்ணீர் இடுக்குகளுக்குள் புகுந்து, வேகம் குறைந்து, அதே இடுக்கு வழியாகத் திரும்பிவிடும். இடுக்கை அடைத்துவிட்டால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளிருந்தே மதிலைத் தள்ளும். கல்லின் பாரம் மட்டும்தான் அங்கே பிடிமானம். எனவே கல் பெரிதாக இருக்க வேண்டும். சின்னக் கல்லில் இந்த வித்தை பலிக்காது.

இரண்டாவது வழி, நல்ல சுண்ணாம்புச் சாந்து. ஜஞ்சிராவில் நின்றால் கண்ணுக்கெட்டும் தூரத்தில், காசா என்ற பாறையின் மேல், பத்மதுர்க்கம் என்ற கோட்டை தெரியும். ஜஞ்சிராவை அடக்குவதற்காகவே சிவாஜி எழுப்பியது. அதன் மதிலை இன்று பார்ப்பவர்கள் வியந்து நிற்பார்கள். கற்கள் கடல் உப்பில் அரித்து உள்ளே குழிந்துவிட்டன. கற்களுக்கு இடையில் வைத்த சாந்து மட்டும் அப்படியே நிற்கிறது, தேன்கூட்டைப் போல. உப்புத்தண்ணீர் கல்லின் நுண்துளைகளுக்குள் போகிறது. வெயிலில் தண்ணீர் காய்ந்ததும் உப்பு உள்ளே மணியாக வளர்ந்து கல்லைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. கடற்கரை வீடுகளில் சுவர் உதிர்வதைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. சாந்து கல்லைவிட உறுதியாக இருந்தது என்பதுதான் அங்கே புதினம்.

இத்தனை பாடுபட்டு மதிலை எழுப்பியாயிற்று. இனித்தான் அந்த மாணவன் கேட்ட கேள்வி வருகிறது.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். கோட்டைக்குள் 200 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். குடிக்க, சமைக்க, வுழூவுக்கு, வாய் கொப்பளிக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் மட்டும் கொடுப்போம். குளிப்பு கடலில்தான். ஒரு நாளைக்கு 1,000 லீற்றர். கொங்கணத்தில் ஒக்டோபர் முதல் மே வரை எட்டு மாதம் மழை அநேகமாக இல்லை. 240 நாட்களுக்கு 2,40,000 லீற்றர் வேண்டும். கோடையில் நம் ஊருக்குள் வரும் 10,000 லீற்றர் பவுசரால் எண்ணினால் 24 பவுசர்.

மழை போதுமா என்றால், தாராளமாகப் போதும். அந்தக் கரையில் ஓர் ஆண்டில் இரண்டு மீற்றருக்குக் குறையாத மழை பெய்யும். ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் கூரையளவு இடத்தில் விழும் மழையைச் சிந்தாமல் பிடித்தாலே இந்தத் தண்ணீர் கிடைத்துவிடும். பிடித்ததை வைத்திருப்பதுதான் சிரமம். 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் ஆழம் உள்ள குளம் ஒன்றில் இந்த 2,40,000 லீற்றர் சரியாக நிற்கும். ஆனால் திறந்த குளத்தில் வெயிலும் காற்றும் ஒரு நாளைக்கு அரைச் சென்ரிமீற்றர் அளவுக்குக் குடித்துவிடும். எட்டு மாதத்தில் அது ஒரு மீற்றரைத் தாண்டும். அதாவது கோட்டைக்காரர் குடிக்காமலே பாதிக் குளம் போய்விடும். ஆகவே தேவைக்கு இரண்டு மடங்காவது வெட்ட வேண்டும், அகலத்தைவிட ஆழத்தைக் கூட்ட வேண்டும். ஜஞ்சிராவுக்குள் இன்றும் இரண்டு பெரிய நன்னீர்க் குளங்கள் இருக்கின்றன. பார்க்கப் போனவர்கள் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். கோட்டையைக் காத்தது அந்தக் குளங்கள்தான் என்று நாங்கள் பிள்ளைகளிடம் சொல்வோம்.

"சேர், கிணறு வெட்டினா உப்புத்தானே வரும்?" என்பது அடுத்த கேள்வி. எப்போதும் இல்லை. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட இலேசானது. தீவு போதிய அளவு பெரிதாக இருந்தால், மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் நல்ல தண்ணீர் தருவது இதனால்தான். அளவோடு அள்ளினால் நன்னீர். மோட்டர் போட்டு இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும், பிறகு அது இறங்கக் காலமெடுக்கும். சிந்துதுர்க்கம் போன்ற பெரிய தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. சின்னஞ்சிறு பாறையில் அந்தப் படை நிற்க இடமே இல்லை. அங்கே மழைநீர்த் தொட்டி ஒன்றுதான் கதி.

தண்ணீரையாவது வானம் தரும். அரிசியையும் விறகையும் கரைதான் தர வேண்டும். அதே 200 பேருக்கு, வள்ளம் ஓடாத நாலு மாத மழைக்காலத்துக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ தானியம் என்று கணக்கிட்டால் 18,000 கிலோ வருகிறது. 50 கிலோ மூட்டையில் 360 மூட்டை. விறகை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பாறைத்தீவில் மரம் இல்லை. சோறு வேக ஆளுக்கு ஒரு கிலோ விறகு என்றால் 24,000 கிலோ, அரிசியைவிடக் கூட. இத்தனையும் மே மாதம் முடிவதற்குள் ஏற்றி இறக்கி, ஈரம் படாமல், எலி கடிக்காமல், வெடிமருந்துக்குப் பக்கத்தில் இல்லாமல் அடுக்க வேண்டும்.

இது எவ்வளவு தூரம் உயிர்ப்பிரச்சினை என்பதற்குப் பத்மதுர்க்கமே சாட்சி. 1670களில் அந்தக் கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. பிரபாவளிப் பகுதியின் சுபேதார் ஜீவாஜி விநாயக் என்பவர் அதற்குக் காசும் தானியமும் அனுப்ப வேண்டியவர். அவர் அனுப்பவில்லை. சிவாஜி அவருக்கு எழுதிய கடுமையான கடிதம் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. சித்திகள் உமக்குக் கையூட்டுக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்கும் அளவுக்கு அரசர் கோபப்பட்டிருக்கிறார். பிராமணர் என்பதற்காக உம்மை விட்டுவிட மாட்டோம் என்ற கருத்தும் அதில் இருக்கிறது. எதிரியின் குண்டு செய்ய முடியாததை, கரையில் நிழலில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியின் அசட்டை செய்துவிடும் என்று அந்த அரசருக்குத் தெரிந்திருந்தது.

சாமான் அனுப்பாததால் எதிரி பக்கம் போய்விட்டாரா என்று சந்தேகிக்கப்பட்டவர் ஓர் இந்து அதிகாரி. சாமான் கேட்டு நின்ற கடற்படைத் தலைவர்களில் ஒருவர் தௌலத் கான் என்ற முஸ்லிம். இந்தக் கோட்டைகளின் கதையை 'அவர்களுக்கும் எங்களுக்கும்' நடந்த சண்டையாகச் சொல்லும் வீடியோக்கள் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளுக்கும் வருகின்றன. சிவாஜியின் கப்பல்களை நடத்தியவர் தௌலத் கான் என்று அவை சொல்வதில்லை. நாங்கள் வகுப்பில் சொல்கிறோம். சொல்லாவிட்டால் வரலாறு படிப்பித்ததாக ஆகாது.

கோட்டை கட்டுவதும் அதற்குச் சாமான் கொடுப்பதும் எதிரியின் கண்முன்னாலேயே ஒன்றாக நடந்த கதை ஒன்றும் உண்டு. கந்தேரி என்பது பம்பாய்க்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றரில், கரையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில் உள்ள தீவு. அங்கே கோட்டை வந்தால் பம்பாய்த் துறைமுகத்துக்குப் போகும் வரும் எல்லாக் கப்பலும் கண்ணில் படும். அதனால் ஆங்கிலேயருக்கும் சித்திகளுக்கும் அது பிடிக்காது. 1672இல் முயன்றபோது அவர்கள் தடுத்துவிட்டார்கள். 1679 ஓகஸ்ட் கடைசியில், மழைக்காலம் முழுதாக அடங்கும் முன்பே, மாய்நாக் பண்டாரி என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 150 பேர் சில சிறிய பீரங்கிகளோடு அங்கே இறங்கினார்கள். இறங்கியதும் கற்களைக் குவித்து மார்பளவுச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள்.

ஆங்கிலேயர் கப்பல்களை அனுப்பித் தீவைச் சுற்றி நிறுத்தினார்கள். செப்டெம்பரில் ஆட்களை இறக்கிப் பார்த்தார்கள். தலைமை தாங்கிய அதிகாரியே மாண்டார். பிறகு, பட்டினி போட்டால் போதும் என்று காத்திருந்தார்கள். ஒக்டோபர் 18ஆம் திகதி விடியலில் தௌலத் கானின் கப்பல்கள் நாற்பது ஐம்பது ஒன்றாகப் புறப்பட்டு வந்தன. ஆங்கிலேயரின் கப்பல் ஒன்று பிடிபட்டது, சில ஓடின. 'ரிவென்ஜ்' என்ற பெரிய கப்பல் மட்டும் நின்று சுட்டு, ஐந்து படகுகளை மூழ்கடித்து, மற்றவற்றை நாகாவ் கழிமுகம்வரை துரத்தியது. கடற்சண்டை என்று பார்த்தால் வெற்றி ஆங்கிலேயருக்கே.

ஆனால் தீவுக்குப் போகும் சாமான் நிற்கவில்லை. ஏன் என்று கடல் தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். மழைக்காலம் ஓய்ந்த மாதங்களில் அந்தக் கரையில் இரவில் கரைக்காற்று கடலை நோக்கி வீசும், பகலில் கடற்காற்று கரையை நோக்கி வீசும். கழிமுகத்திலிருந்து இரவில் பாய் விரித்தால் காற்றே தீவுக்குக் கொண்டுபோய்விடும். சாமானை இறக்கிவிட்டுப் பகல் காற்றில் திரும்பலாம். மராத்தியரின் படகுகளுக்கு ஆழம் தேவையில்லை, காற்று விழுந்தால் துடுப்புப் போடலாம், துரத்தினால் பாறையும் மணல்திட்டும் உள்ள இடத்துக்குள் புகுந்துவிடலாம். ஆங்கிலேயரின் கப்பலுக்கு ஆழமும் வேண்டும், காற்றும் வேண்டும். காற்று விழுந்த இரவில் அது கட்டிப்போட்ட மாடு. எதிரே வள்ளம் போவதைப் பார்க்கலாம், பிடிக்க முடியாது.

நவம்பரில் சித்திகளின் கப்பல்களும் வந்து சேர்ந்தன. அப்போதும் நிற்கவில்லை. ஒவ்வொரு இரவும் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்பு, நாலு ஆள். ஒவ்வொரு பகலும் மதில் ஒரு முழம் உயர்ந்தது. 1680 ஜனவரியில் ஆங்கிலேயர் பேசித் தீர்த்துக்கொண்டு விலகினார்கள். சித்திகள் வேறு வழியில் யோசித்தார்கள். அதே மாதம், கந்தேரிக்கும் கரைக்கும் இடையில் உள்ள உந்தேரி என்ற சின்னத் தீவைப் பிடித்து, அங்கே தங்கள் கோட்டையைப் போட்டார்கள். கோட்டையை அடிக்க முடியாவிட்டால் அதன் வள்ளங்கள் போகும் வழியில் போய் உட்கார வேண்டும் என்பது, நூற்றாண்டுக் கணக்காகத் தீவில் இருந்து சாப்பிட்டவர்களின் அறிவு.

1682இல் சிவாஜியின் மகன் சம்பாஜி ஜஞ்சிராவுக்கு வேறொரு வழி பார்த்தார். தீவுக்கும் கரைக்கும் இடையிலான கடலைக் கல்லைக் கொட்டி நிரப்பி, நடந்து போகப் பாதை போடத் தொடங்கினார். தீவைத் தீவாக இல்லாமல் செய்துவிட்டால் கதை முடிந்தது. முகலாயப் படை மறுபக்கத்தால் நெருங்கியதால் வேலை பாதியில் நின்றது.

இதற்கு மாறான முடிவு நம் நாட்டிலேயே இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் அதை வளைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் குடிதண்ணீர் இல்லாமல் சரணடைந்தார்கள். ஜஞ்சிராவுக்கும் அதற்கும் மதிலில் பெரிய வேறுபாடு தேடத் தேவையில்லை. ஓரிடத்தில் தண்ணீர் இருந்தது, மற்ற இடத்தில் தீர்ந்துபோனது.

கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை'யில் கடந்து பழகிய தலைமுறைக்கு இதெல்லாம் விளக்கம் தேவையில்லாத விடயம். காற்றுக்காலத்தில் பாதை ஓடாத நாளில் கடையில் என்ன இருந்தது, என்ன இல்லை, நோயாளியை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே ஓர் உதவி கேட்கிறோம். கடற்தொழிலுக்காகத் தீவுகளில் வாடி போட்டுத் தங்கிய வாப்பாமார், காக்காமார் யாராவது இதை வாசித்தால், தண்ணீரை எதில் கொண்டுபோனீர்கள், எத்தனை நாளைக்கு வந்தது, தீர்ந்தபோது என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். தட்டச்சுப் பழக்கமில்லை என்றால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அடுத்த வகுப்பில் அதை வாசித்துக் காட்டுவோம்.